தோசைக்கு எத்தனை கிராம் என்று கேட்டால்

“கோலாலம்பூரில் டயட்டெட்டிக்ஸ் மூன்றாம் ஆண்டு. அடுத்த மாதம் நீரிழிவு செய்முறைத் தேர்வு. எக்ஸ்சேஞ்ச் பட்டியலை வைத்து 1500 கிலோகலோரிக்கு அட்டவணை போட்டால் கூட்டல் சரியாக வந்துவிடுகிறது. ஆனால் மாதிரித் தேர்வில், ‘சரி, இந்த அம்மா காலையில் சாப்பிடும் தோசை, சாம்பார், தே தாரிக் மூன்றிலும் சேர்த்து எவ்வளவு மாவுச்சத்து?’ என்று கேட்டதும் திணறிவிட்டேன். எக்ஸ்சேஞ்ச் போட்டபிறகு கார்ப் கவுன்டிங் வேறு எதற்கு? அமெரிக்கப் பட்டியலா, நம் பட்டியலா?”

உங்கள் கூட்டலில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. அட்டவணையில் இருக்கும் ‘ஸ்டார்ச் 10’ என்ற எண், செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் என்னவாக மாறுகிறது என்ற இடத்தில்தான் சிக்கல். உணவுகளை ஏறக்குறைய ஒரே சத்தளவுள்ள பங்குகளாகப் பிரித்து எண்ணும் எக்ஸ்சேஞ்ச் அட்டவணை நாள் முழுக்கச் செலவழிக்கக் கையில் இருக்கும் பணம் என்றால், சாப்பிடும் மாவுச்சத்தைக் கிராமில் எண்ணும் கார்ப் கவுன்டிங் ஒவ்வொரு வேளைக்கும் எழுதும் கடைக் கணக்கு. முதலாவதை மட்டும் செய்துவிட்டு எழுந்து வருபவர்களிடம்தான் தேர்வாளர் தோசையைப் பற்றிக் கேட்பார். நான் மருத்துவமனையில் டயட்டீஷியனாகப் பதினெட்டு வருடம் இருந்திருக்கிறேன், சில வருடங்களாக மாணவர்களின் செய்முறைக்கும் உட்காருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து ஒரே ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு கடைசிவரை போகிறேன்.

ஆள் கற்பனைதான், ஆனால் இப்படிப்பட்டவரை வாரம் ஒருமுறையாவது பார்த்துவிடலாம். ஐம்பத்து நான்கு வயது, 64 கிலோ, வீட்டு வேலையோடு பள்ளிக் கேன்டீனில் உதவி வேலை. இரண்டாம் வகை நீரிழிவு. மெட்ஃபார்மின் மாத்திரையோடு, காலை உணவுக்கு முன்னும் இரவு உணவுக்கு முன்னும் கலப்பு இன்சுலின் போடுகிறார். கொஞ்சம் எடை குறைய வேண்டும் என்பதால் 1500 கிலோகலோரி என்று முடிவு செய்திருக்கிறோம். மாவுச்சத்து 50 சதவீதம், புரதம் 20, கொழுப்பு 30 என்று வைத்தால் 188, 75, 50 கிராம் வரும்.

இதை எக்ஸ்சேஞ்சாக மாற்றும்போது வரிசை முக்கியம்: முதலில் பால், அடுத்து பழம், பிறகு ஸ்டார்ச், அப்புறம் இறைச்சி, கடைசியாக எண்ணெய். காரணம் எளிது. பாலிலும் சோற்றிலும் புரதம் இருக்கிறது, இறைச்சியில் கொழுப்பு இருக்கிறது. முன்னதைக் கழித்தால்தான் பின்னதற்கு மிச்சம் எவ்வளவு என்று தெரியும். நம் மலேசியப் பட்டியல்படி கொழுப்பு குறைந்த பால் ஒன்றில் 12 கிராம் மாவுச்சத்து, பழம் இரண்டில் 30 கிராம். 188-இல் இந்த 42 போனால் மிச்சம் 146. ஸ்டார்ச் ஒன்றுக்கு 15 கிராம் என்பதால் ஏறக்குறைய பத்து. பால் 8 கிராம் புரதமும், பத்து ஸ்டார்ச் 20 கிராம் புரதமும் கொடுத்துவிட்டதால் இறைச்சிக்கு 47 மிஞ்சுகிறது. ஒன்றுக்கு 7 கிராம் என்று ஆறு எக்ஸ்சேஞ்ச் வைக்கலாம்: நான்கு கொழுப்பு குறைந்தது, இரண்டு நடுத்தரம். இதுவரை வந்த கொழுப்பு 24 கிராம், ஆகவே எண்ணெய் ஐந்து. கூட்டிப் பார்த்தால் மாவுச்சத்து 192, புரதம் 70, கொழுப்பு 49, மொத்தம் 1490 கிலோகலோரி. இலக்கைத் துல்லியமாகத் தொட வேண்டும் என்று எண்ணெயை ஐந்தே கால் என்று எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். சமையலறையில் கால் எக்ஸ்சேஞ்ச் எண்ணெயை யாரும் அளக்கப் போவதில்லை.

பட்டியல் எது என்ற கேள்விக்கு இங்கேயே பதில் வந்துவிடுகிறது. நம் பட்டியலில் ஒரு ஸ்டார்ச்சுக்கு 15 கிராம் மாவுச்சத்து, 2 கிராம் புரதம், அரை கிராம் கொழுப்பு, 75 கிலோகலோரி. அமெரிக்கப் பட்டியலில் அதே 15 கிராம் மாவுச்சத்து, ஆனால் 3 கிராம் புரதம், 1 கிராம் கொழுப்பு, 80 கிலோகலோரி. ஒன்றிரண்டுக்கு இது பெரிதில்லை. பத்து ஸ்டார்ச் வரும்போது புரதத்தில் 10 கிராம் வித்தியாசம், அதாவது ஒன்றரை இறைச்சி எக்ஸ்சேஞ்ச் காணாமல் போகும். இந்த முறையே 1950-இல் அமெரிக்காவில் பிறந்ததுதான், அவர்கள் பட்டியல் தவறும் இல்லை. ஆனால் அதில் தோசை, புட்டு மாயம், ரொட்டி சானாய்க்கு இடம் தேட வேண்டும். நம் நோயாளிக்கு நம் பட்டியல். எதை எடுத்தாலும் விடைத்தாளின் முதல் வரியில் அதைச் சொல்லிவிட்டு, கடைசிவரை அதிலேயே நில்லுங்கள்.

கலந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் கதையே போதும். மாணவியாக இருந்தபோது ஒரு செய்முறையில் நம் பட்டியலின் ‘அரைக் கோப்பை சோறு’ என்பதை அமெரிக்கக் கோப்பையில் அளந்து வைத்தேன். நம் பட்டியலின் கோப்பை 200 மில்லி, அவர்களுடையது 240. தட்டில் ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சும் ஐந்தில் ஒரு பங்கு கூடிப்போனது. மூன்று எக்ஸ்சேஞ்ச் என்று நான் வைத்தது மூன்றரைக்கும் மேல். தேர்வாளர் ஒன்றும் சொல்லாமல் தராசை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அன்றிலிருந்து சோற்றைக் கோப்பையால் அளப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. அழுத்தி நிரப்பினால் ஒரு கணக்கு, உதிரியாகப் போட்டால் ஒரு கணக்கு. வெந்த வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்கு 28 முதல் 30 கிராம் மாவுச்சத்து என்று வைத்தால் ஓர் எக்ஸ்சேஞ்ச் ஏறக்குறைய 50 கிராம் சோறு. தராசு இருந்தால் அதை நம்புங்கள். நோயாளியிடம் பேசும்போது மட்டும் கிண்ணத்துக்கு மாறுங்கள்: சீனர் சோற்றுக் கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்கு ஓர் எக்ஸ்சேஞ்ச், முழுக் கிண்ணம் மூன்று. இதை எந்த அம்மாவும் உடனே பிடித்துக்கொள்வார்.

இன்னொன்றும் உண்டு. இந்த 50 கிராம் வெந்த சோறு. அரிசியாக இருந்தால் 20 கிராமுக்குள்தான். தேர்வு மேசையில் அரிசி வைத்திருந்தார்களா, சோறு வைத்திருந்தார்களா என்று பார்க்காமல் எழுதினால் விடை இரண்டரை மடங்கு தவறிப்போகும். வருடத்துக்கு ஒருவராவது இதில் விழுகிறார்.

சரி, இப்போது வேளைகளாகப் பிரிப்போம். கார்ப் கவுன்டிங் தொடங்கும் இடம் இதுதான். இந்த அம்மாவுக்குக் கலப்பு இன்சுலின் என்பதை மறக்காதீர்கள். அதில் வேகமாக வேலை செய்யும் பகுதியும் மெதுவாக வேலை செய்யும் பகுதியும் ஒரே ஊசியில், மாறாத விகிதத்தில் இருக்கின்றன. இன்று சோறு கொஞ்சம் கூடுதல் என்று வேகப் பகுதியை மட்டும் ஏற்ற முடியாது. அதனால் இன்சுலினை உணவுக்கு ஏற்ப மாற்றும் கணக்கு இவருக்கு இல்லை. உணவைத்தான் இன்சுலினுக்கு ஏற்ப, தினமும் ஒரே அளவில், ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். இதைத் தேர்வில் ஒரு வாக்கியமாக எழுதுங்கள். ஒரு நாளின் மொத்த இன்சுலினால் 500-ஐ வகுத்து, ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிராம் என்று கண்டுபிடிக்கும் முறை வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். அது ஒவ்வொரு உணவுக்கும் தனியாக வேக இன்சுலின் போடுபவர்களுக்கு, அதுவும் ஒரு தொடக்க மதிப்பீடாக மட்டும். இந்த அம்மாவுக்கு அதைப் போட்டுக் காட்டினால் மதிப்பெண் போவதோடு, நோயாளியின் மருந்துச் சீட்டை நீங்கள் படிக்கவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

நான் பிரித்தது இப்படி. காலை, மதியம், இரவு மூன்று வேளைக்கும் மூன்று மூன்று ஸ்டார்ச், அதாவது 45 கிராம். காலை பத்து மணிக்கு ஒரு பழம். மாலை நான்கு மணிக்கு ஒரு ஸ்டார்ச், மூன்று கிரீம் கிராக்கர் போல. இரவு உணவோடு இன்னொரு பழம். படுக்கும் முன் பால். கூட்டினால் அதே 192 வரும். பத்து மணிப் பழத்தை அழகுக்காக வைக்கவில்லை. காலையில் போட்ட ஊசியின் மெதுவான பகுதி முற்பகலிலிருந்து மதியம் வரை நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில்தான் இவர் கேன்டீனில் நின்றுகொண்டு, தன் சாப்பாட்டை இரண்டு மணிவரை தள்ளிப்போடுகிறார். கை நடுக்கம், வியர்வை என்று சொல்லியிருந்தால் அது இந்த இடைவெளியில்தான் வந்திருக்கும். படுக்கும் முன் பால் எல்லோருக்கும் கட்டாயம் இல்லை. இரவில் சர்க்கரை இறங்குகிறதா என்று அளவிட்டுப் பார்த்துத்தான் அதை வைப்பதும் எடுப்பதும்.

இனி உங்களைத் திணறடித்த தோசைக்கு வருகிறேன். அந்த அம்மா சொல்வது: “மூணு தோச, கொஞ்சம் சாம்பார், ஒரு தே தாரிக்.” நம் பட்டியலில் 20 சென்டிமீட்டர் அகலமுள்ள தோசையில் பாதி ஓர் எக்ஸ்சேஞ்ச். ஒரு தோசை 30 கிராம், மூன்று தோசை 90. சாம்பாரை நிறைய மாணவர்கள் காய்கறிக் கணக்கில் தள்ளிவிட்டுச் சும்மா இருப்பார்கள். வெந்த பருப்பு கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் அது ஒரு முழு ஸ்டார்ச், 15 கிராம். அதில் புரதமும் சோற்றைவிடக் கூடுதல், 5 கிராம் அளவுக்கு. தண்ணீராக ஓடும் சாம்பாரில் அவ்வளவு பருப்பு இருக்காது, அதனால் எத்தனை அகப்பை, எவ்வளவு கெட்டி என்று கேட்டாக வேண்டும். இந்த அம்மா வீட்டுச் சாம்பார் கெட்டி என்று வைத்துக்கொள்வோம். ஆக 105.

மிஞ்சியது தே தாரிக். இதைப் பால் எக்ஸ்சேஞ்சில் போடுபவர்கள்தான் அதிகம். பால் என்ற பெயர் இருக்கிறதே தவிர, அதில் ஊற்றுவது இனிப்பு டின்பால். அதன் எடையில் பாதிக்கும் சற்று மேல் சர்க்கரைதான். ஒரு கண்ணாடிக் குவளைக்கு 40 கிராம் டின்பால் என்று எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 22 கிராம் மாவுச்சத்து. இந்த 40 என்பது என் ஊகம். கடைக்குக் கடை, கைக்குக் கை மாறும். தேர்வில் ஊகத்தை ஊகம் என்றே எழுதுங்கள்: “குவளைக்கு டின்பால் 40 கிராம் எனக் கொண்டால்.” அப்படி எழுதியதற்காக யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். எதையும் சொல்லாமல் 22 என்று மட்டும் எழுதினால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். மாமாக் கடையில் “கூராங் மானிஸ்” என்று சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததாக நோயாளிகள் நினைக்கிறார்கள். டின்பால் குறையுமே தவிரப் போகாது. சர்க்கரையே வேண்டாம் என்றால் “தே ஓ கொசோங்” என்று கேட்க வேண்டும்.

ஆக மொத்தம் 127 கிராம். நீங்கள் காலைக்கு ஒதுக்கியது 45. அட்டவணையின் கூட்டல் எவ்வளவு சரியாக இருந்தாலும், கேட்காமல் விட்டால் இந்த இடைவெளி உங்களுக்குத் தெரியவே தெரியாது. உங்கள் தேர்வாளர் கேட்டது இதைத்தான்.

ஆனால் இந்த 127-லும் ஒரு சந்தேகம் இருக்கிறது, அது தோசையில். பட்டியலின் தோசை 20 சென்டிமீட்டர். வீட்டுக் கல்லில் 25 சென்டிமீட்டர் ஊற்றினால், அதே கனத்தில், பரப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆகிவிடும். அகலத்தில் ஐந்து சென்டிமீட்டர் என்பது கண்ணுக்குச் சின்ன வித்தியாசம்தான், மாவில் அப்படி இல்லை. மறுபக்கம், மெல்லிய மொறுமொறு தோசை அகலமாக இருந்தும் மாவு குறைவாக இருக்கலாம். அகலத்தைக் கேட்பதைவிட மாவைக் கேட்பது மேல். அந்த அம்மாவிடம் இப்படிக் கேளுங்கள்: ஒரு தடவை எவ்வளவு அரிசி, எவ்வளவு உளுந்து போடுவீர்கள், அதில் எத்தனை தோசை வரும்? 300 கிராம் அரிசி, 100 கிராம் உளுந்து, பன்னிரண்டு தோசை என்கிறார் என்று வையுங்கள். அரிசியில் 100 கிராமுக்கு 79 கிராம் என்று 237, உளுந்தில் 60 என்று எடுத்தால் மொத்தம் 297. பன்னிரண்டால் வகுத்தால் தோசைக்கு 25 கிராம். பட்டியல் சொன்னது 30. மூன்று தோசைக்கு 15 கிராம் வித்தியாசம், அதாவது ஒரு முழு எக்ஸ்சேஞ்ச். அவர் காலை உணவு 127 இல்லை, 112. மாவு புளிக்கும்போது கொஞ்சம் மாவுச்சத்து குறையும் என்பதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. மற்ற ஊகங்களோடு பார்த்தால் அது சிறியது.

சப்பாத்திக்கும் இதே கதை. பட்டியலில் 20 சென்டிமீட்டர் சப்பாத்தியில் மூன்றில் ஒரு பங்குதான் ஓர் எக்ஸ்சேஞ்ச், கடைச் சப்பாத்தி கனம் அப்படி. வீட்டில் 30 கிராம் மாவில் மெல்லியதாகத் தேய்த்த சப்பாத்தி 21 கிராம்தான் வரும். பட்டியலை அப்படியே பிடித்துக்கொண்டு அவரை ஒரு சப்பாத்தியோடு எழுப்பிவிட்டால், அவர் பசியோடு எழுந்து இரவு பத்து மணிக்குப் பிஸ்கட் டின்னைத் திறப்பார்.

சரி, 45 கிராமுக்குள் காலை உணவு எப்படி? பட்டியல்படி ஒரு தோசை, மூன்றில் ஒரு பங்கு கோப்பைப் பருப்புள்ள சாம்பார், தே ஓ கொசோங். இட்லி என்றால் இரண்டு, அதே சாம்பார். புட்டு மாயம் இரண்டு துண்டு, சர்க்கரை தொடாமல், அதே சாம்பார். எல்லாமே 45. ஒன்றை எடுத்து இன்னொன்றை வைத்தாலும் கணக்கு குலையாது, எக்ஸ்சேஞ்ச் என்ற பெயரே அதற்குத்தான். ஆனால் மூன்று தோசையிலிருந்து ஒரே நாளில் ஒன்றுக்கு இறங்கச் சொல்லும்போது கவனம் வேண்டும். அவருடைய இன்சுலின் அளவை மருத்துவர் எழுதியது மூன்று தோசையும் தே தாரிக்கும் உள்ளே போய்க்கொண்டிருந்த உடம்பின் சர்க்கரை அளவுகளைப் பார்த்து. உணவு பாதிக்கும் கீழே இறங்கி, ஊசி அப்படியே இருந்தால் முற்பகலில் சர்க்கரை விழும். நம்மால் ஊசியின் அளவை மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. செய்ய வேண்டியது, புதிய உணவுத் திட்டத்தை மருத்துவருக்குத் தெரிவித்து, அளவைப் பார்க்கச் சொல்லி, அதுவரை தே தாரிக்கையும் ஒரு தோசையையும் மட்டும் விடச் சொல்வது. அப்போதே 112 ஏறக்குறைய 65-க்கு வந்துவிடும். உங்கள் விடைத்தாளில் இந்தப் படிநிலை இருந்தால், உங்களை உட்கார வைத்துக் கேட்கும் கேள்விகள் பாதியாகக் குறையும்.

பெரும்பாலும் கடைசியாக ஒரு கேள்வி வரும், அதுவும் நோயாளி தமிழர் என்றால் கட்டாயம் வரும்: “வெள்ளிக்கிழமை விரதம், சாயங்காலம் வரை சோறு தொடமாட்டார். என்ன செய்வீர்கள்?” பழம் சாப்பிடலாம் என்பதோடு நிறுத்தாதீர்கள். சின்ன வாழைப்பழம் ஒன்று ஓர் எக்ஸ்சேஞ்ச். காலையில் மூன்று பழம் என்றால் 45 கிராம் கணக்கு பொருந்தும், ஆனால் மதியத்துக்கும் அதே 45 எங்கே என்று தேர்வாளர் அடுத்து கேட்பார். விரதத்தில் பால், பழம் ஏற்பார் என்றால் அதை மதிய நேரத்துக்கும் பிரித்து வையுங்கள். எதுவுமே சாப்பிட மாட்டேன் என்றால் அது உணவுத் திட்டத்தால் தீரும் விஷயம் இல்லை. அன்றைய காலை ஊசியைப் பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும் என்று எழுதுங்கள். நடுக்கம் வந்தால் விரதத்தை விட்டுவிட்டு மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது, 15 நிமிடத்தில் மறுபடி அளந்து பார்ப்பது, இன்னும் குறைவாக இருந்தால் மறுபடி கொடுப்பது என்பதையும் அதோடு சேருங்கள். சீனிக்குப் பதில் பால் அல்லது பிஸ்கட் என்று எழுதினால் தவறு, அவற்றின் சர்க்கரை ரத்தத்துக்கு வர நேரமாகும்.